அத்தியாயம் ஏழு: நீண்ட விளக்கப் படத்தைச் செங்குத்துத் துணுக்குகளாக வெட்டுதல்

ஒரு பொருளைப் பற்றி ஒன்பது, பத்து நிமிஷம் ஓடும் விளக்கப் படத்தைச் சிரமப்பட்டுத் தயாரித்து முடித்தவர்கள், அதையே கைபேசியில் பார்ப்பதற்கு ஏற்ற சிறு துணுக்குகளாக மாற்ற முற்படும்போது, அதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சம அளவாக நறுக்கி, பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று எண்ணிட்டு வெளியிட்டுவிடுவதையே பெரும்பாலும் காண்கிறோம். ரீல்ஸும் ஷார்ட்ஸும் பார்க்கிறவர் அந்த எண்களின் வரிசையில் பார்ப்பதில்லை. நான்காவது பகுதி அவர் கண்ணில் முதலில் படுகிறது, அதற்கு முன்னும் பின்னும் அவருக்குச் சம்பந்தமில்லாத வேறு யாருடைய படங்களோ வந்துபோகின்றன. ஆகையால் முதற்பகுதியில் சொல்லப்பட்டதை அறிந்தவர் என்று எண்ணிப் பேசும் நான்காம் பகுதி அவருக்கு அர்த்தமற்றதாகிவிடுகிறது. துணுக்கு ஒவ்வொன்றும் தனித்தே பிரயாணம் செய்வது. தனக்குரிய கேள்வியையும், அதற்கான விடையையும், அந்த விடை எந்த நிபந்தனைக்கு உட்பட்டது என்பதையும் தன்னோடேயே எடுத்துச் செல்ல வேண்டியது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த மூன்றைப் பற்றியதே.

உதாரணத்துக்குத் திருவனந்தபுரத்திலேயே உருவான ஒரு யந்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். பாதாளச் சாக்கடையின் ஆள்நுழைவுக் குழிகளில் மனிதர் இறங்காமலேயே கழிவை அள்ளும் 'பாண்டிகூட்' என்னும் ரோபோவை, ஜென்ரோபோடிக்ஸ் என்னும் ஸ்தாபனம் கேரள ஸ்டார்ட்அப் மிஷன், கேரள நீர் ஆணையம் ஆகியவற்றின் ஆதரவோடு உருவாக்கி, 2018ஆம் ஆண்டில் இந்நகரில் செயலுக்குக் கொண்டுவந்தது. அதைச் செய்தவர்கள் குற்றிப்புறத்திலுள்ள எம்.இ.எஸ். பொறியியற் கல்லூரியில் ஒன்றாகப் படித்த இளைஞர்கள். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் ஆள்நுழைவுக் குழிக்குள் இறங்கிய இரு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஓர் ஆட்டோ ஓட்டுநரும் மாண்டுபோன சம்பவமே அவர்களை இம்முயற்சிக்குத் தூண்டியது என்பது பலரும் அறிந்த செய்தி. கும்பகோணம், கோயம்புத்தூர் முதலிய தமிழ்நாட்டு நகரங்களுக்கும் இந்த யந்திரம் சென்றிருக்கிறது. குழியின் வாயின்மேல் நிற்கும் ஒரு சட்டகம், அதிலிருந்து உள்ளே இறங்கும் உடல், சுவரைப் பற்றி நிற்க உதவும் கால்கள், கழிவை அள்ளும் கை, இருளில் பார்க்கும் காமிரா, வாயுக்களை அளக்கும் உணரிகள், மேலே நின்று எல்லாவற்றையும் இயக்குகிறவருக்குத் திரையோடு கூடிய ஒரு பலகை என்று அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

இந்த யந்திரத்தைப் பற்றி ஒன்பது நிமிஷ விளக்கப் படம் ஒன்று நம் கையில் இருப்பதாக, பயிற்சியின் பொருட்டுக் கற்பனை செய்துகொள்வோம். முதல் நிமிஷம் ஸ்தாபனத்தின் சின்னமும் தோற்றக் கதையும். பிறகு ஒரு நிமிஷம் சாக்கடை வாயுக்களின் அபாயம். அதன்பின் இரண்டரை நிமிஷம் யந்திரத்தின் உறுப்புகள். தம்பானூர்ப் பக்கத்துத் தெரு ஒன்றில் அது வேலை செய்யும் காட்சி ஒன்றரை நிமிஷம். முன்பு குழியில் இறங்கிக்கொண்டிருந்து இப்போது யந்திரத்தை இயக்கும் தொழிலாளி ஒருவரின் பேட்டி ஒன்றரை நிமிஷம். மீதியில் சட்டமும் நகராட்சிகளுக்கான செய்திகளும். விளக்கப் படங்கள் பெரும்பாலும் இந்த ஒழுங்கிலேயே அமைகின்றன. நாற்காலியில் அமர்ந்து முழுவதையும் பார்க்கிறவருக்கு இது நல்ல ஒழுங்குதான்.

முதல் வேலை எடிட்டிங் மேஜையில் அல்ல, காகிதத்தில் தொடங்குகிறது. படத்தில் பேசப்படும் சொற்கள் முழுவதையும், ஒவ்வொரு வாக்கியமும் எத்தனையாவது நிமிஷத்தில் எத்தனையாவது விநாடியில் தொடங்குகிறது என்ற குறிப்போடு எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியபின் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும், இது யாருடைய கேள்விக்கு விடை என்று ஒரு சொல்லில் குறித்துக்கொண்டு போக வேண்டும். தெருவில் போகும் பாதசாரி, நகராட்சிப் பொறியாளர், துப்புரவுத் தொழிலாளி, யந்திரங்களில் ஆசையுள்ள மாணவன் என்று நம் படத்துக்கு நான்கு விதமான கேள்வியாளர்கள் கிடைப்பார்கள். எவருடைய கேள்விக்கும் விடையாகாத வாக்கியங்களும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இருக்கும். அவற்றைத் தயக்கமின்றி அடித்துவிடலாம். ஒருவருக்கு உரிய விடை படத்தின் ஒரே இடத்தில் தொடர்ச்சியாக இருப்பது அபூர்வம். பொறியாளருக்கு வேண்டியது இரண்டாம் நிமிஷத்தில் ஒரு வாக்கியமாகவும், நான்காம் நிமிஷத்தில் மூன்றாகவும், கடைசியில் ஐந்தாகவும் சிதறிக்கிடக்கும். அவற்றைப் பொறுக்கி ஓரிடத்தில் சேர்ப்பதுதான் துணுக்கு செய்வது. தொடர்ச்சியான ஒரு பகுதியை அப்படியே வெட்டி எடுப்பதால் கோணம் உண்டாவதில்லை.

தோற்றக் கதையைத் தனித் துணுக்காக்க வேண்டும் என்று ஸ்தாபனத்தார் அநேகமாக வற்புறுத்துவார்கள். என் அபிப்பிராயம் அதற்கு விரோதமானது. யந்திரம் என்ன செய்கிறது என்று அறியாத ஒருவருக்கு, அதைச் செய்தவர்கள் எப்படி அந்த எண்ணத்தை அடைந்தார்கள் என்ற கேள்வி எழுவதில்லை. முழுப் படத்தைத் தேடிவந்து பார்க்கிறவருக்குத்தான் அக்கதை பிரயோஜனப்படும், அங்கேயே அது இருக்கட்டும். அதுபோலவே உறுப்புகளை வரிசையாகச் சொல்லும் இரண்டரை நிமிஷமும் தனித் துணுக்கு ஆகத் தகுந்ததல்ல. ஒவ்வோர் உறுப்பும் தான் தேவைப்படும் துணுக்கினுள் வந்து நின்றால் போதும். ஆக நமக்கு மிஞ்சுவன நான்கு: பாதசாரிக்கு வாயுவைப் பற்றி ஒன்று, மாணவனுக்கு யந்திரம் இறங்கி ஏறும் காட்சி ஒன்று, தொழிலாளிக்கு இயக்குகிறவரின் குரலில் ஒன்று, பொறியாளருக்கு ஒன்று.

வாயுவைப் பற்றிய துணுக்கை அடிமுதல் நுனிவரை செய்து பார்ப்போம். நீண்ட படத்தில் அந்தப் பகுதி இவ்வாறு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்: "பாதாளச் சாக்கடைகளில் தேங்கும் கரிமப் பொருள்கள் காற்றின்றிச் சிதைவதனால் உண்டாகின்ற ஹைட்ரஜன் சல்பைடு, மீதேன் முதலிய வாயுக்கள், முன்பு நாம் பார்த்ததுபோல், குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது மனித உயிருக்கே அபாயத்தை விளைவிக்கின்றன." பிழையற்ற வாக்கியம், ஆனால் 'அபாயம்' என்ற சொல் வந்து சேர்வதற்குள் பத்து விநாடிக்கு மேல் கழிந்துவிடும். தமிழில் வினை கடைசியில் வருவதால், இத்தகைய வாக்கியத்தில் தொடக்கம் முழுவதும் அடைமொழிகளாலேயே நிரம்பிவிடுகிறது. விரலால் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறவர் அந்த வினைக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே துணுக்கின் முதல் வாக்கியம் நான்கைந்து சொற்களில் தன் வினையை அடைந்துவிட வேண்டும். அத்தகைய வாக்கியம் நீண்ட படத்தில் எங்கேனும் இருந்தால் அதை முன்னே கொண்டுவரலாம். இல்லையென்றால் அதே குரலுக்குரியவரை அழைத்து, கூடியவரை அதே அறையில், அதே மைக்கில், இரண்டு மூன்று வாக்கியங்களைப் புதிதாகப் பதிவு செய்துகொள்வதே நேர்மையான வழி. அங்குமிங்குமாகச் சொற்களை ஒட்டி ஒரு வாக்கியத்தை உண்டாக்கினால், குரலின் ஏற்ற இறக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

'முன்பு நாம் பார்த்ததுபோல்', 'இதனால்', 'அந்த யந்திரம்' என்று பின்னோக்கிச் சுட்டுகிற சொற்களைக் காகிதத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது சுட்டும் பொருள் இந்தத் துணுக்குக்குள்ளேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சுட்டுச் சொல்லை எடுத்துவிட்டுப் பெயரையே சொல்ல வேண்டும். இவ்வாறு திருத்தி எழுதினால் நம் துணுக்கின் உரை ஏறத்தாழ இப்படி அமையும்:

"குழியில் நாற்றம் குறைந்துவிட்டால் உள்ளே இறங்கலாமா? கூடாது. சாக்கடையில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டைபோல் நாறும். அதன் அளவு மிகுந்தால் மூக்கு மரத்துப்போய், நாற்றமே தெரியாது. மீதேனுக்கோ வாசனையே கிடையாது. திருவனந்தபுரத்தில் செய்யப்பட்ட பாண்டிகூட் என்னும் இந்த யந்திரம், மனிதருக்குப் பதிலாகக் குழிக்குள் இறங்கி, வாயுவை அளக்கிறது. கழிவையும் அதுவே அள்ளுகிறது. திரையில் தெரியும் அளவைப் பார்த்துவிட்டு ஆளை இறக்கலாம் என்று எண்ண வேண்டாம்."

நிதானமாக வாசித்தால் இது ஏறக்குறைய முப்பத்தைந்து விநாடி வரும். கடைசி வாக்கியத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். நீண்ட படத்தில் அது அநேகமாக வேறோர் இடத்தில், உணரிகளை விவரிக்கும் பகுதியின் இறுதியில், சொல்லப்பட்டிருக்கும். வெட்டுகிறவர் அதை விட்டுவிட்டால் துணுக்கு இன்னும் விறுவிறுப்பாகவே முடியும். ஆனால் உணரி ஓர் அளவைக் காட்டுவது அது நிற்கும் ஆழத்துக்கும் அந்த நேரத்துக்கும் மாத்திரமே பொருந்தும். கழிவைக் கிளறியவுடன் அதற்குள் அடைபட்டிருந்த வாயு வெளிப்பட்டு அளவு மாறிவிடக்கூடும். நிபந்தனையை விட்டுவிட்ட துணுக்கைப் பார்த்த ஒரு மேஸ்திரி, யந்திரத்தின் உணரியை நம்பி ஆளை இறக்கலாம் என்ற முடிவுக்கு வருவது அசம்பாவிதமல்ல. முழுப் படத்தில் பிழையே இல்லாதிருந்தும் அதிலிருந்து எடுத்த துணுக்கு அபாயகரமாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. ஒவ்வொரு துணுக்கின் உரையையும் எழுதி முடித்தபின், இதை மட்டும் பார்த்த ஒருவர் செய்யக்கூடிய தவறான காரியம் யாது என்று கேட்டுக்கொண்டு, அதைத் தடுக்கும் வாக்கியத்துக்கு ஐந்து விநாடி ஒதுக்கிவிட வேண்டும். துணுக்கு நீண்டுவிடுகிறதே என்றால், வேறொன்றைக் குறைக்கலாம்.

இனிப் படத்தின் சட்டத்துக்கு வருவோம். நீண்ட படம் அகலவாட்டில், 1920க்கு 1080 புள்ளிகள் என்ற அளவில் இருக்கிறது. துணுக்கோ நெடுக்குவாட்டில் 1080க்கு 1920 ஆக வேண்டும். அகலப் படத்தின் உயரம் முழுவதையும் வைத்துக்கொண்டு ஒரு நெடும் பட்டையை வெட்டினால், அந்தப் பட்டையின் அகலம் 608 புள்ளிகளே; அதாவது காட்சியில் மூன்றில் ஒரு பங்குகூட நமக்கு மிஞ்சுவதில்லை. மிஞ்சியதையும் ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் பெரிதாக்கித்தான் திரையை நிரப்ப முடிகிறது. அதனால் உருவங்களின் விளிம்பு மங்கிப்போகும். படத்தை முதலில் எடுக்கும்போதே 4கே அளவில், 3840க்கு 2160 ஆக எடுத்திருந்தால், அதே பட்டை 1215க்கு 2160 புள்ளிகளாகக் கிடைக்கும். அது நமக்கு வேண்டியதைவிடச் சற்று அதிகமே. ஆகவே துணுக்குகளை உத்தேசித்திருப்பவர், முடிந்த படத்தை வாங்கிக்கொண்டு வராமல், காமிராவிலிருந்து வந்த மூலப் பதிவுகளைக் கேட்டு வாங்க வேண்டும். இறுதிப் படத்தில் எழுதப்பட்ட எழுத்துகளும் சின்னங்களும் பட்டையின் ஓரத்தில் பாதி வெட்டுண்டு தோன்றும் அவலமும் இதனால் தவிரும்.

நம் யந்திரத்தைப் பொறுத்தமட்டில் ஒரு சௌகரியம் இருக்கிறது. குழி என்பதே நெடுக்குவாட்டில் அமைந்தது. சட்டகம் மேலே, உடல் நடுவே, இருள் கீழே என்று காட்சி முழுவதும் ஒரு குறுகிய பட்டைக்குள் அடங்கிவிடும். ஆகவே இரண்டாவது துணுக்குக்கு, அதாவது இறங்கி ஏறும் காட்சிக்கு, பேச்சே தேவையில்லை. யந்திரத்தின் உண்மையான ஓசையோடு, மூடி திறப்பதிலிருந்து முதல் அள்ளல் வெளியே கொட்டப்படும்வரை இருபத்தெட்டு விநாடியில் காட்டி, இரண்டே இரண்டு வரிகளைத் திரையில் எழுதினால் போதுமானது. கொட்டும் கணத்தில் மாத்திரம் கை பக்கவாட்டில் விரிந்து பட்டைக்கு வெளியே போய்விடும். அப்போது பட்டையைக் கையோடு சேர்த்து நகர்த்தலாம். நகர்த்துவது மெதுவாகவும், கை அசையத் தொடங்குவதற்குச் சற்று முன்னதாகவும் தொடங்க வேண்டும். பிந்தித் தொடங்கினால் காமிரா துரத்துவதுபோலத் தோன்றி, பார்க்கிறவரின் கவனம் யந்திரத்தை விட்டுச் சட்டத்தின்மேல் போய்விடுகிறது. மென்பொருள் தானாகவே முகங்களைத் தேடிப் பட்டையை நகர்த்தும் வசதியை இந்த இடத்தில் நம்பக்கூடாது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் ஒருவரின் முகத்தை அது பிடித்துக்கொண்டுவிடும்.

மூன்றாவது துணுக்கில் நிலைமை வேறு. இயக்குகிறவரின் முகமும் அவர் பார்க்கும் திரையும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். ஆனால் அகலப் படத்தில் அவை இரு கோடிகளில் இருக்கின்றன. இதற்குத் திரையை மேலும் கீழுமாக இரண்டாகப் பகுத்து, மேல்பாதியில் முகத்தையும் கீழ்ப்பாதியில் குழிக்குள் காமிரா காண்பதையும் வைப்பதே சிறந்தது. ஒவ்வொரு பாதியும் 1080க்கு 960 புள்ளிகள். அந்த விகிதத்தில் சாதாரண அகலப் படத்திலிருந்து 1215க்கு 1080 புள்ளிகளை எடுத்துக்கொள்ளலாம் என்பதால், பெரிதாக்க வேண்டிய அவசியம் இல்லை, தெளிவும் குறைவதில்லை. 4கே பதிவு கிடைக்காதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பேட்டியளிப்பவர் மலையாளத்தில் பேசுகிறார் என்றால் அவர் குரலை எடுத்துவிட்டு வேறொருவரின் தமிழ்க் குரலை ஏற்றுவதை நான் விரும்புவதில்லை. குழியில் இறங்கியவர் பேசுகிறார் என்பதே அந்தத் துணுக்கின் உயிர். சாலைக் கடைத்தெருவில் வாழும் தமிழருக்கு அவர் பேச்சு அப்படியே விளங்கும், கும்பகோணத்தில் பார்க்கிறவருக்குத் தமிழ் எழுத்து கீழே ஓடினால் போதும். மலையாளத்திலும் வினை கடைசியில் வருவதால், எழுத்தும் பேச்சும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நடந்து ஒன்றையொன்று தழுவிச் செல்லும்.

எழுத்தைப் பற்றி இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொற்கள் விகுதிகளைச் சேர்த்துக்கொண்டு நீளும் சுபாவம் உள்ளவை. குறுகிய திரையில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்களுக்குமேல் நிற்காது. ஆதலால் பேச்சை அப்படியே எழுத்தாக்காமல், பொருள் மாறாமல் சுருக்கி, ஒரு சமயத்தில் இரண்டு வரிகள் மட்டும் தோன்றும்படி செய்ய வேண்டும். மென்பொருள் வரியை எங்கே முறிக்கிறதோ அங்கே விட்டுவிடாமல், ஒரு சொல் இரண்டாக உடைந்திருக்கிறதா, 'இல்லை' என்ற சொல் மாத்திரம் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டு முந்திய வரி எதிர்ப்பொருள் தருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இரண்டாவது, எழுத்து நிற்கும் இடம். திரையின் அடிப்பகுதியில் ஏறக்குறைய கால் பங்கைப் பெயரும் குறிப்புரையும் மறைத்துவிடுகின்றன. வலது ஓரத்தில் விருப்பம், பகிர்தல் முதலிய பொத்தான்கள் நிற்கின்றன. ஆகையால் எழுத்தை நடுவுக்குச் சற்றுக் கீழே, இடப்பக்கமாக ஒதுங்கியவாறு அமைப்பது நலம். எடிட்டிங் மேஜையில் மறைப்பவை தெரிவதில்லையாதலால், துணுக்கை முதலில் தனிப்பட்டதாக ஏற்றி, சாதாரணக் கைபேசி ஒன்றில் பார்த்தபிறகே பகிரங்கப்படுத்த வேண்டும்.

ஒலியில் நேரும் பிழை கண்ணுக்குத் தெரியாததாலேயே மிகுதியாக நேர்கிறது. நீண்ட படத்தில் குரலுக்கு அடியில் இசை ஓடிக்கொண்டிருக்கும்; மூன்று வெவ்வேறு நிமிஷங்களிலிருந்து வாக்கியங்களை எடுத்துச் சேர்க்கும்போது, குரல் ஒழுங்காகத் தொடர்ந்தாலும், அடியிலுள்ள இசை ஒவ்வொரு ஒட்டிலும் துள்ளும். குரல் தனி, இசை தனி, சூழலின் ஓசை தனி என்று பிரித்து வைத்த ஒலித்தடங்களைக் கேட்டு வாங்கினால் இத்தொல்லை இல்லை. அவை கிடைக்காதபோது, இசை கலந்த குரலை விட்டுவிட்டுப் புதிதாகப் பதிவு செய்வதே மேல். கண்களை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டால் ஒட்டுகள் யாவும் பிரத்தியட்சமாகிவிடும்.

நான்காவது துணுக்கு, நகராட்சிப் பொறியாளருக்கு உரியது, எல்லாவற்றிலும் கடினமானது. அவருக்கு இரக்கமூட்ட வேண்டியதில்லை; குழியில் இறங்கி மாண்டவர்களின் குடும்பத்தாரை அவர் நேரில் கண்டிருக்கக்கூடும். சட்டம் என்ன சொல்கிறது, என் ஊரின் சந்துகளில் இது நிற்குமா, என் ஆட்களால் இயக்க முடியுமா, பழுதானால் யார் வருவார்கள் என்பவையே அவர் கேள்விகள். இவற்றுள் சட்டத்தைப் பற்றிய வாக்கியத்தில்தான் துணுக்கு செய்கிறவர் அடிக்கடி வழுக்கி விழுகிறார். 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம், சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் 'அபாயகரமான முறையில்' சுத்தம் செய்ய ஆளை அமர்த்துவதைத் தடுக்கிறது. பாதுகாப்புக் கவசங்களும் சாதனங்களும் முன்னெச்சரிக்கைகளும் இன்றிக் கையால் செய்விப்பதையே அது அவ்வாறு குறிப்பிடுகிறது. விறுவிறுப்புக்காக அந்த அடைமொழியை நீக்கி, "ஆளை இறக்குவதே குற்றம்" என்று துணுக்கில் எழுதினால், சட்டம் தெரிந்த பொறியாளர் அந்த ஒரு வாக்கியத்தாலேயே மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார். அடைமொழியை வைத்துக்கொண்டு, அடுத்த வாக்கியத்தில் யந்திரம் அந்த அபாயத்தை எவ்வாறு அகற்றுகிறது என்று சொல்வதால் வலிமை குறைந்துவிடுவதில்லை.

இடத்தைப் பற்றிய நிபந்தனையும் இங்கேயே வர வேண்டும். குழியின் வாய்க்கருகில் சட்டகம் உறுதியாக நிற்கப் போதிய இடமும், யந்திரத்தைக் கொண்டுவரும் வண்டி அங்கே வருவதற்கு வழியும் வேண்டும். பழைய நகரத்தின் குறுகிய சந்துகளில் இரண்டும் சுலபமாகக் கிடைப்பதில்லை என்பது கிழக்கேகோட்டைப் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும். நீண்ட படத்தில் விசாலமான சாலை ஒன்றில் எடுத்த காட்சியை மட்டும் வைத்து இத்துணுக்கை முடிப்பது நியாயமாகாது. மூலப் பதிவுகளில் குறுகிய இடம் ஏதேனும் இருந்தால் அதைத் தேடி எடுத்துச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் வாயாலாவது சொல்ல வேண்டும். இத்துணுக்கு ஐம்பத்தைந்து விநாடிக்கு வரலாம்; ஒரு நிமிஷத்தைத் தாண்டினாலும் பாதகமில்லை. 2024 அக்டோபரிலிருந்து யூட்யூப் ஷார்ட்ஸ் மூன்று நிமிஷம்வரை அனுமதிக்கிறது. காரியமாகப் பார்க்கிற பொறியாளர் விரலால் தள்ளிவிட அவசரப்படுகிறவர் அல்லர்.

ஒரு விஷயத்தில் மாத்திரம் எந்தச் சமாதானத்தையும் நான் ஏற்பதில்லை. 2024 ஜூலையில் தம்பானூரில் ரயில் நிலையத்தை ஒட்டிய ஆமயிழஞ்சான் தோட்டைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டு மாண்டதையும், அவரைத் தேடும் பணியில் ரோபோ யந்திரங்களும் ஈடுபடுத்தப்பட்டதையும் இந்நகரத்தார் மறக்கவில்லை. அத்தகைய காட்சிகள் செய்திகளில் கிடைக்கின்றன. முதல் மூன்று விநாடிக்கு அவற்றைவிட வலிய காட்சி வேறில்லை என்று எண்ணுகிறவர்களும் உண்டு. நீண்ட படத்தில் பின்னணியும் மரியாதையும் சூழ வரும் ஒரு மரணம், துணுக்கில் பெயரும் காரணமும் அற்று, ஒரு பொருளை விற்பதற்கான தூண்டிலாக மாத்திரம் நிற்கும். குடும்பத்தார் கைபேசியைத் திறக்கும்போது அது எதிர்பாராமல் அவர்கள்முன் தோன்றும். அதுபோலவே தொழிலாளி கழிவில் முழங்கால்வரை நிற்கும் பழைய படங்களை, முகம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அவருடைய சம்மதமின்றிச் சேர்க்கக்கூடாது. பேட்டியளித்தவரிடமும், ஒன்பது நிமிஷப் படத்துக்குக் கொடுத்த சம்மதம் போதுமென்று இராமல், அவருடைய முப்பது விநாடித் துணுக்கைக் காட்டி, இது தனியே போகும் என்று சொல்லி மறுபடியும் கேட்க வேண்டும்.

நான்கும் முடிந்தபின், நீண்ட படத்தைப் பாராத ஒருவருக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியே, ஒரு தடவை ஒலியோடும் ஒரு தடவை ஒலியின்றியும் காட்ட வேண்டும். பிடித்திருக்கிறதா என்று கேட்பதால் பயனில்லை. யந்திரம் என்ன செய்கிறது, இதைப் பார்த்தபின் எதைச் செய்யக்கூடாது என்று இரண்டு கேள்விகள் கேட்டால், விடுபட்டது எது என்று உடனே தெரிந்துவிடும். நான்கின் முதற்காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் அவசியம். நான்கும் குழியின் மூடியிலேயே தொடங்கினால், ஒன்றைப் பார்த்தவர் மற்றதையும் பார்த்துவிட்டதாக எண்ணித் தள்ளிவிடுவார். ஒன்று மூடியில், ஒன்று முகத்தில், ஒன்று திரையில் தெரியும் வாயுவின் அளவில், ஒன்று சந்தின் நுழைவாயிலில் தொடங்கட்டும்.

வெளியிட்டபின் யூட்யூபின் கணக்குப் பக்கத்தில் எத்தனை பேர் பார்த்தனர், எத்தனை பேர் தள்ளிவிட்டனர் என்பதும், விநாடிக்கு விநாடி எத்தனை பேர் எஞ்சினர் என்ற வளைகோடும் தெரியும். கோடு தொடக்கத்திலேயே செங்குத்தாக விழுந்தால் முதல் வாக்கியமோ முதற்காட்சியோ தன் கேள்வியைச் சொல்லவில்லை; நடுவே ஓரிடத்தில் மாத்திரம் சரிந்தால், அந்த விநாடியில் பின்னோக்கிச் சுட்டும் சொல்லோ, புரியாத உறுப்பின் பெயரோ இருக்கிறதா என்று காகிதத்தை எடுத்துப் பார்க்கலாம். நான்கையும் ஒரே நாளில் ஏற்றிவிட்டால் எந்தக் கோணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பிரித்தறிய முடியாது. சில நாள் இடைவெளி விடுவது உசிதம். ஒவ்வொன்றிலும் 'தொடர்புடைய வீடியோ' என்ற இடத்தில் முழுப் படத்தை இணைத்துவிட்டால், மேலும் அறிய விரும்புகிறவர் அங்கே போய்ச் சேர்வார். ஆனால் பொறியாளருக்கான துணுக்கைப் பார்த்தவர் தொகை மற்றவற்றைவிடக் குறைவாயிருப்பதைக் கண்டு அதை நீக்கிவிடக்கூடாது. அது பத்து நகராட்சிகளில் வாட்ஸ்அப் வழியாகப் போய்ச் சேர்ந்திருந்தால் தன் வேலையைச் செய்துவிட்டது, அந்தக் கணக்கு யூட்யூபில் தெரியாது.

வாட்ஸ்அப்பைக் குறிப்பிட்டபின் எண்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சாக்கடையில் மாண்டவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் கூறியது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. முந்திய தொகையைத் திரையில் எழுதிய துணுக்கை ஒருவர் தம் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டாலும், கைபேசியிலிருந்து கைபேசிக்குப் போன பிரதிகளை அவரால் திரும்பப் பெற இயலாது. நீண்ட படத்தைத் திருத்திப் புதிதாக ஏற்றலாம். துணுக்குக்கு அந்த வசதி இல்லை. ஆகவே மாறக்கூடிய தொகை, விலை, தொலைபேசி எண் முதலியவற்றைக் குரலிலோ படத்தின் மேலுள்ள எழுத்திலோ சேர்க்காமல், எப்போது வேண்டுமானாலும் திருத்தக்கூடிய குறிப்புரையில் மட்டும் எழுதி, படத்துக்குள் வந்தே தீரவேண்டிய எண் எதுவாயினும் அதன் பக்கத்திலேயே அது எந்த ஆண்டுக்குரியது என்பதையும் எழுதிவிட வேண்டும்.